அச்சுக்கு முன்னே - 14: கடைப்பையின் தட்டை உடம்பு

பொட்டிக் கடைக்காரர்கள் காகிதப் பைக்கு டிசைன் கேட்கும்போது முன்பக்கத்தை மட்டும்தான் நினைக்கிறார்கள். அச்சகத்துக்குப் போவதோ, பையைப் பிரித்துத் தரையில் விரித்தால் கிடைக்கும் ஒரே தாள். அந்தத் தாளை முதலில் வரைந்துவிட வேண்டும்.

ஒரு புடவையும் ரவிக்கைத் துணியும் கொள்ளும் பையை எடுத்துக்கொள்வோம். அகலம் 24 செ.மீ., பக்கவாட்டு 10, உயரம் 32. இடமிருந்து ஒட்டுப்பட்டை 2, முன்பக்கம் 24, பக்கம் 10, பின்பக்கம் 24, பக்கம் 10. ஆக 70 செ.மீ. மேலே உள்ளே மடிக்க 4, கீழே அடிப்பாகத்துக்கு 7 சேர்த்தால் உயரம் 43. இருபதுக்கு முப்பது அங்குலத் தாளில் இது அடங்கிவிடும்.

அடிக்கு ஏன் 7? பக்கவாட்டில் பாதி 5. எதிரெதிர் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்ட இன்னும் 2. இந்த ஏறுமடிப்பைக் குறைத்தால் கனம் ஏறியதும் அடி பிரிந்துவிடும். ஒட்டும் இடங்களில் வார்னிஷ் வரக்கூடாது, பசை பிடிக்காது. ஆனால் பின்னணி நிறம் அடிமடலுக்குள்ளும் கொஞ்சம் நீள வேண்டும். கோட்டோடு நிறுத்தினால், மடிப்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கீழ் விளிம்பில் வெள்ளை எட்டிப்பார்க்கும்.

அதிகம் கெட்டுப்போவது பக்கவாட்டுதான். அந்த 10 செ.மீ. நடுவில் உள்ளே மடிகிறது. கடை முகவரியைக் குறுக்காக அதில் போட்டால், மடிப்பு எழுத்துகளின் நடுவே ஓடும். அடர்நிறமாக இருந்தால் அங்கே மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். முகவரியைச் செங்குத்தாகத் திருப்பி, ஒரு பாதிக்குள், இருபுறமும் ஒரு செ.மீ. விட்டு வைப்பதே சரி. அடியிலிருந்து 5 செ.மீ. உயரம் வரை சாய்மடிப்புகள் முக்கோணமாக ஏறும். அங்கே எழுத்தே வேண்டாம்.

அதே 5 செ.மீ. உயரத்தில் பையின் ஒரு முகத்திலும் குறுக்காக மடிப்பு விழும். தட்டையாக அடுக்கும்போது அடிப்பாகம் அந்த முகத்தின் மேல்தான் படியும். அது முன்பக்கமா பின்பக்கமா என்று ஒட்டுபவரிடம் கேட்டுவிடுங்கள். எதற்கும் இரண்டு முகத்திலும் கீழே 6 செ.மீ. வெறுமையாக விடலாம்.

கைப்பிடித் துளைகளுக்கு மேல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. இறங்கி இடம் ஒதுக்குகிறோம். உள்மடிப்பு 4 என்பதால் வெளித்தாள், நடுவே செருகும் அட்டைப்பட்டை, உள்தாள் மூன்றையும் துளை பிடித்துக்கொள்ளும். உள்மடிப்பை 2 ஆக்கினால் துளை அதன் விளிம்பிலேயே விழும், கயிறு வெளித்தாளைக் கிழிக்கும். துளைகளுக்கு இடையே 10 செ.மீ. என்றால் இருபுறமும் 7 மிஞ்சும். பையைக் கீழே வைத்ததும் கயிறு முகத்தின் மேல் தொங்கும், அதனால் லோகோ மேலிருந்து 8 செ.மீ.க்குப் பிறகே தொடங்கட்டும்.

இனி முன்பக்கத்தில் மிஞ்சுவது 18 செ.மீ. உயரம். கடைக்காரரிடம் அனுமதி கேட்கும்போது திரையில் காட்டாமல், கோடுகளோடு அச்செடுத்து, வெட்டி ஒட்டி, உள்ளே ஒரு புடவையையும் வைத்து அவர் கையில் கொடுங்கள்.