உஷார்! மழை பெய்தும் குளத்தில் தவளைச் சத்தம் இல்லையா?

மழை கொட்டித் தீர்த்த இரவிலும் உங்கள் ஊர்க் குளத்தில் ஒரு தவளைகூடக் கத்தவில்லையா? தொல்லை விட்டது, நிம்மதியாகத் தூங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் குளத்தில் தண்ணீர் குடிக்கும் மாட்டுக்கும், கரையோரக் கிணற்றில் இறைத்துக் குடிக்கும் மனிதருக்கும் உறைப்பதற்கு முன்பே தண்ணீரின் கேடு தவளைக்கு உறைத்துவிடும். காரணம், அதன் தோல்.

மூச்சை உள்ளே இழுக்க நமக்கு விலாக்கூடும் உதரவிதானமும் இருக்கின்றன. தவளைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. தாடைக்கு அடியில் இருக்கும் பகுதியை ஏற்றி இறக்கி, விழுங்குவதுபோலக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அது போதாமல்தான் தோலும் மூச்சு விடுகிறது. இதயத்திலிருந்து புறப்படும் ஒரு ரத்தக்குழாய் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை நுரையீரலுக்கும் மறுகிளை தோலுக்கும் போகிறது. தோல் மிக மெல்லியது, எப்போதும் சளியால் நனைந்திருப்பது, அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பது. ஆக்சிஜன் அந்த ஈரத்தில் கரைந்து உள்ளே போகிறது. கரியமில வாயுவின் பெரும்பங்கு அதே வழியில் வெளியேறுகிறது. தவளை தண்ணீரையும் வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தத் தோலை மூடி வைக்கத் தவளையால் முடியாது. ஆக்சிஜன் நுழையும் இடத்தில் சாக்கடையின் அம்மோனியாவும் வயலில் அடித்த மருந்தும் நுழையும். தலைப்பிரட்டைப் பருவம் இன்னும் மோசம். கரைக்கு ஏறி ஒதுங்கவும் வழியில்லாமல், செவுளும் தோலும் இரவும் பகலும் அதே தண்ணீரில் ஊறிக் கிடக்கின்றன.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாக்கா ஏரியைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி அது. அங்கே வாழும் ஒரு பெரிய தவளை, காற்றுக்காக மேலே வருவதே அபூர்வம். அதன் நுரையீரல் சுருங்கிப் போய்விட்டது. அதற்கு ஈடாக உடம்பைச் சுற்றித் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்போது உடம்பை மேலும் கீழும் அசைத்து, மடிப்புகளுக்கிடையே புதுத் தண்ணீர் பாயும்படி செய்துகொள்ளும். மூச்சுக்கு ஏறக்குறைய முழுவதும் தோலையே நம்பிய உயிர்.

அந்த ஏரியின் பொலிவியப் பக்கத்தில் எல் ஆல்ட்டோ என்ற பெருநகரம் இருக்கிறது. அதன் கழிவுநீர் ஆற்று வழியாக ஏரியின் ஆழம் குறைந்த பகுதிக்கு வந்து சேர்கிறது. கழிவிலிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு நல்ல உரம். 2015-ல் அங்கே பாசி பெருகியது. பெருகிய பாசி ஒருநாள் மடியத்தானே வேண்டும்? மடிந்து அழுகும்போது தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தன. ஆக்சிஜன் அற்ற அடிச் சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு அது. உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே அது தடுத்துவிடும். மீன்களும் தவளைகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. சாக்கடை நேரடியாக நஞ்சூட்ட வேண்டியதில்லை, மூச்சை நிறுத்தினாலே போதும் என்பதை இதில் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் பெருவின் பக்கம். அங்கே ஏரியில் விழும் கோவாட்டா ஆற்றில், சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தவளைகள் மடிந்திருக்கலாம் என்று அந்நாட்டு வனத்துறை கணித்தது. ஊர்மக்கள் நூறு தவளைப் பிணங்களை அள்ளிக்கொண்டு பூனோ நகரச் சதுக்கத்துக்கே போனார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்று அவர்கள் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆற்றோரத்தில்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள், அதன் தண்ணீரைத்தான் புழங்குகிறார்கள். கோபம் வராமல் எப்படி இருக்கும்?

சாக்கடை இல்லாத ஊர்களும் தப்பித்தோம் என்று இருக்க முடியாது. வயல் மருந்து இருக்கிறதே! ஜெர்மனியின் கோப்லென்ஸ்-லாண்டாவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏழு விவசாய மருந்துகளைச் சிறு தவளைகள்மீது தெளித்துப் பார்த்தார்கள். டப்பாவில் அச்சிட்ட அளவிலேயே, விற்பனையில் இருந்தவற்றில் சாதுவான மருந்து ஏழு நாளில் நூற்றுக்கு நாற்பதைக் கொன்றது. கொடியது ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொன்றது. இன்னொரு விஷயமும் தெரியவந்தது. ஒரே பூஞ்சைக்கொல்லியின் இரண்டு தயாரிப்புகளில், கரைப்பான் எண்ணெய் அதிகம் கலந்ததுதான் ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் முடித்தது, மற்றது அவ்வளவு கொல்லவில்லை. ஆகவே மருந்தின் பெயரை மட்டும் பார்த்து இது லேசானது என்று நம்பிவிடாதீர்கள். வயலில் பயிர் அடர்ந்திருந்தால் மருந்து முழுவதும் தவளைமேல் விழாது என்பதும் உண்மைதான். ஆனால் மடை திறந்து குளத்துக்கு ஓடும் தண்ணீரைத் தடுக்க எந்த இலையும் இல்லை.

இனி உங்கள் குளத்துக்கு வருவோம். தவளை இல்லை என்றால் உடனே விஷம் என்று முடிவு கட்டக் கூடாது. தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் தெளிந்த மலையோடைகளில்கூடத் தவளைகளை அழித்திருக்கிறது. கரையைக் கான்கிரீட்டாக்கினாலும், புல்புதர்களை வழித்தெடுத்தாலும் தவளை போய்விடும். மறுபக்கம், தவளை கத்துகிறது என்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர்மேல் தத்தித் தாவிப் போகும் சாதாரணச் சிறுதவளை ஓரளவு சாக்கடையையும் தாங்கும். முன்பு நாலைந்து வகைக் குரல் கேட்ட குளத்தில் இப்போது அது ஒன்றின் குரல்தான் கேட்கிறதா? அதுவே எச்சரிக்கை.

முதல் பெருமழைக்குப் பிந்திய இரவுகளில் காது கொடுத்துக் கேளுங்கள். சில நாள் கழித்துக் கரையோரத்தில் தலைப்பிரட்டைகளைத் தேடுங்கள். பெரிய தவளைகள் கத்தியும் தலைப்பிரட்டையே தென்படவில்லை என்றாலோ, பொரித்தவை செத்து மிதந்தாலோ, தண்ணீரின்மேல் சந்தேகம் வலுக்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றனவா, கரைச் சேற்றைக் குச்சியால் கிளறினால் கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்தால் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் மாடுகளை அன்றே அந்தத் தண்ணீரிலிருந்து விலக்குங்கள். குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். செத்தவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆபத்தானது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பால்புட்டியில் நைட்ரேட் மிகுந்த தண்ணீர் போனால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாய்ந்துவிடலாம்.

கரையோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பூச்சிமருந்து எச்சத்தைப் பார்ப்பார்களா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்த வயலின் மடையைச் சில நாள் அடைத்தே வைக்கச் சொல்லி, பக்கத்து வயல்காரரிடம் இன்றே பேசிவிடுங்கள்.