தேர்வுக் காலத்தில் ஆசிரியரின் மணிக்கணக்கு

பொதுத்தேர்வு என்றால் மாணவர்களின் பதற்றத்தைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். அந்த வாரங்களில் ஆசிரியர் அறையில் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. 2025-ஆம் ஆண்டின் நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச் 3 முதல் 25 வரை பிளஸ் டூ தேர்வு. அதோடு பின்னிக்கொண்டு பிளஸ் ஒன். மார்ச் 28-இல் தொடங்கி ஏப்ரல் 15 வரை பத்தாம் வகுப்பு. ஏப்ரலிலேயே விடைத்தாள் திருத்தும் முகாம்கள். அதே ஏப்ரலில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுத் தேர்வு. இவை அத்தனையையும் ஒரே ஆசிரியர் கூட்டம்தான் தாங்குகிறது. சிலர் தேர்வு மையத்துக்கும் சிலர் முகாமுக்கும் போய்விட, பள்ளியில் எஞ்சியிருப்பவர்கள் இரண்டு மூன்று பிரிவுகளை ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாளிக்கிறார்கள்.

இந்தச் சுமைக்கு நிர்வாகம் தரும் வழக்கமான மருந்து, மன அழுத்தம் குறித்த ஒரு மணி நேரச் சொற்பொழிவு. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள், தேநீர் கொடுப்பார்கள். திருத்த வேண்டிய கட்டு மேசையில் அப்படியே இருக்கும், அதைத் திருத்தும் நேரத்தில் ஒரு மணி குறைந்திருக்கும். ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் சொன்ன கருத்து இங்கே பொருந்தும். வேலை அதிகமாக இருப்பது மட்டுமே ஒருவரை நோகடிப்பதில்லை. வேலையும் அதிகம், அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் தன் கையில் இல்லை என்கிற நிலைதான் உடலையும் மனத்தையும் அதிகம் வதைக்கிறது. தேர்வுக்கால ஆசிரியரின் நிலை இதுவேதான். அட்டவணை மேலே இருந்து வருகிறது, கெடு மேலே இருந்து வருகிறது, கண்காணிப்புப் பட்டியல் முந்தின நாள் மாலையில் ஒட்டப்படுகிறது. எனவே ஆசிரியர்களுக்கான ஆதரவுத் திட்டம் என்று ஒன்றைப் பள்ளி போடுமானால், அது நேரத்தைப் பங்கிடுவதில் தொடங்க வேண்டும். ஆறுதல் அதற்குப் பிறகு வரட்டும்.

எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்ப்போம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். நான்கு பிரிவுகள், பிரிவுக்கு நாற்பது பேர், ஆக 160 விடைத்தாள்கள். ஒரு தாளைப் படித்து, மதிப்பெண் இட்டு, கூட்டி, முன்பக்கத்தில் எழுதப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 26 மணி 40 நிமிடம். தேர்வு அட்டவணையில் தமிழ் முதலில் வரும், சமூக அறிவியல் பெரும்பாலும் கடைசியில் வரும். கடைசித் தேர்வு முடிந்த இரண்டே நாளில் எல்லாப் பாடங்களின் மதிப்பெண்ணும் வேண்டும் என்று பள்ளி கேட்கிறது. தேர்வன்று பிற்பகல் மூன்று மணி நேரம், அடுத்த இரண்டு நாளும் ஆறு ஆறு மணி நேரம் என்று பள்ளியில் உட்கார்ந்து திருத்தினாலும் கிடைப்பது 15 மணி நேரம்தான். மீதி 11 மணி 40 நிமிடம் எங்கிருந்து வரும்? வீட்டிலிருந்து வருகிறது. இரவுச் சமையலுக்குப் பிறகு, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு, கட்டிலின் மேல் விரித்த தாள்களிலிருந்து வருகிறது.

தமிழாசிரியரின் நிலை வேறு. அவருடைய தாள்கள் முதல் நாளே கைக்கு வந்துவிடும். ஆனால் அவரும் ஒவ்வொரு தேர்வு நாளும் கண்காணிப்புக்குப் போவதால், திருத்தும் காலைகள் வீணாகின்றன. எல்லோருக்கும் சம எண்ணிக்கையில் கண்காணிப்பு என்பது நியாயமாகத் தெரிந்தாலும், நேரக் கணக்கில் அது நியாயமில்லை.

தேர்வு வரிசையைத் தலைமையாசிரியரால் மாற்ற முடியாது. கண்காணிப்பு வரிசையை மாற்ற முடியும். கடைசிப் பாடக்காரர்களுக்குத் தேர்வின் தொடக்க நாட்களில் கண்காணிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அவர்கள் கையில் தாளே இருக்காது. முதல் பாடக்காரர்களைத் தொடக்க நாட்களில் விடுவித்துத் திருத்த விட வேண்டும். அவர்கள் கடைசி நாட்களில் கண்காணிப்புக்குப் போவார்கள். கூடவே மதிப்பெண் ஒப்படைக்கும் கெடுவையும் பாடத்துக்குப் பாடம் பிரிக்க வேண்டும். தமிழ் மதிப்பெண் தேர்வுக் காலத்துக்குள்ளேயே வந்துவிடலாம், சமூக அறிவியலுக்கு மற்றவர்களைவிட இரண்டு நாள் கூடுதலாகத் தரலாம். அந்த இரண்டு நாளில் 12 மணி நேரம் கிடைக்கிறது. பதினைந்தும் பன்னிரண்டும் சேர்ந்தால் 27. நம் ஆசிரியையின் 26 மணி 40 நிமிடம் பள்ளி நேரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. மதிப்பெண் பதிவேற்றும் வேலையும் ஒரே நாளில் குவியாமல் பிரிந்து வரும்.

இந்தக் கணக்கைப் போட, தாளுக்கு எத்தனை நிமிடம் என்பது தெரிய வேண்டும். அதை யாரும் ஊகிக்கக் கூடாது. அரையாண்டுத் தேர்வின்போதே ஒவ்வொரு பாட ஆசிரியரும் முதல் பத்துத் தாள்களைக் கடிகாரம் பார்த்துத் திருத்திக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். கணக்குத் தாளுக்கும் தமிழ்க் கட்டுரைத் தாளுக்கும் உள்ள வேறுபாடு அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

திருத்துவதைவிட ஆசிரியர்களை எரிச்சலூட்டுவது, திருத்திய மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவது. விடைத்தாளில் ஒரு முறை, மதிப்பெண் பதிவேட்டில் ஒரு முறை, எமிஸ் தளத்தில் ஒரு முறை, தரநிலை அட்டையில் ஒரு முறை. இங்கிலாந்தின் கல்வித்துறை 2014-இல் ஆசிரியர்களிடம் பணிச்சுமை பற்றிக் கருத்துக் கேட்டபோது, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். திருத்துவதும் தகவல் பதிவதும் அங்கேயும் பெரிய சுமைகளாக எழுந்தன. அதன் பின் அமைக்கப்பட்ட குழுக்கள் 2016-இல் தந்த அறிக்கைகளில் ஒரு விவரத்தை ஒருமுறை சேகரித்துப் பலமுறை பயன்படுத்துங்கள் என்ற பரிந்துரையும் உண்டு. நம் பள்ளிகளில் இது நடைமுறைக்கு வர வேண்டுமானால் துறை மனம் வைக்க வேண்டும். எமிஸில் ஏற்றிய மதிப்பெண்ணிலிருந்தே பதிவேட்டையும் அட்டையையும் அச்சிட்டுக்கொள்ள அனுமதித்தால் பாதி எழுத்து வேலை போய்விடும். அதுவரை பள்ளி செய்யக்கூடியது, தேர்வு வாரங்களில் தேர்வு சாராத படிவங்கள், கணக்கெடுப்புகள், போட்டிகள், கூட்டங்கள் எதையும் ஆசிரியர் தலையில் வைக்காமல் மே மாதத்துக்குத் தள்ளுவது.

கண்காணிப்புப் பணியின் களைப்பைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பொதுத்தேர்வில் காலை பத்து மணிக்கு வினாத்தாள் கொடுக்கப்படும். படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், அதன் பின் ஒன்றேகால் வரை எழுத்து. அறைக் கண்காணிப்பாளர் அதற்கு வெகு முன்பே மையத்தில் இருக்க வேண்டும். இருபது மாணவர்கள் உள்ள அறையில் மூன்றேகால் மணி நேரம் ஏறக்குறைய நின்றபடியே இருக்கிறார். கைப்பேசி கிடையாது, புத்தகம் கிடையாது. யாராவது துண்டுத்தாளோடு பறக்கும் படையிடம் மாட்டினால் தனக்கும் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் வேறு. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிற ஆசிரியைகளை எந்தப் பள்ளியிலும் காணலாம். மார்ச், ஏப்ரல் வெயிலில் இது சிறுநீர்த் தொற்றுக்கு வழி. ஐந்து அறைகளுக்கு ஒரு மாற்றுக் கண்காணிப்பாளர் இருந்து, அறைக்குப் பத்து நிமிடம் என்று சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து பேருக்கும் இடைவேளை கிடைத்துவிடும். பள்ளியின் சொந்தத் தேர்வில் இதை நாளைக்கே தொடங்கலாம். பொதுத்தேர்வில் முதன்மைக் கண்காணிப்பாளர் தம்மிடம் கூடுதலாக உள்ளவர்களை வைத்து ஏற்பாடு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் தரைத்தள அறையும் ஒரு நாற்காலியும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

திருத்தும் முகாமுக்குள் பள்ளியின் கை நீளாது. அங்கே காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு என்று எண்ணித் தருகிறார்கள். கூட்டல் பிழை வந்தால் விளக்கக் கடிதம், அதற்கு மேல் போனால் ஒழுங்கு நடவடிக்கை. இந்தப் பயத்தில் ஒரே தாளை மூன்று முறை கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. பிழை மாணவரின் வாழ்க்கையைப் பாதிக்கும் என்பதால் பொறுப்பு வேண்டும்தான். ஆனால் மாணவர் பெஞ்சில் முதுகு குனிந்து, மின்விசிறி எட்டாத மூலையில் உட்கார்ந்து திருத்துபவரிடம் பிழையில்லாக் கூட்டலை எதிர்பார்ப்பது முறையல்ல. நாற்காலி, காற்று, குடிநீர், இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க இடைவேளை ஆகியவை மதிப்பீட்டின் தரத்துக்கே தேவையானவை. பள்ளியின் பங்கு ஒன்று உண்டு: முகாமில் இருக்கும் ஆசிரியரை மாலையில் அழைத்துப் பள்ளி மதிப்பெண்ணைப் பதிவேற்றச் சொல்லக் கூடாது. அவருடைய உள்பள்ளி வேலைக்கு முன்கூட்டியே ஒரு துணை ஆசிரியர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திட்டம் போட்ட பள்ளிகளிலும் அது வழிதவறும். அதைக் கண்டுபிடிக்கப் பணிப் பதிவேட்டைப் புரட்டினாலே போதும். ஒரே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு. பெரும்பாலும் அவை இளையவர்களின், பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்களின், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்களின் பெயர்களாக இருக்கும். மறுக்க முடியாதவர்கள் மேல் வேலை சரிகிறது. இன்னொரு அடையாளம், துணை ஆசிரியர் சரிபார்க்கும்போது கூட்டல் பிழைகள் வாரத்தின் பிற்பகுதியில் கூடிக்கொண்டே போவது. அது கவனக்குறைவு இல்லை, தூக்கக் குறைவு. அப்போது விளக்கம் கேட்காமல் அவர் கையிலிருந்து ஒரு கட்டை எடுத்து வேறொருவரிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் தளர்ந்து போவார்கள். தொடர்ந்து தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வகுப்பில் கட்டுக்கடங்காத கோபம், நெஞ்சில் இறுக்கம் என்று தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். உதவி கேட்டவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்று தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லாத பள்ளியில் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கும் பள்ளியில் இந்தக் கணக்கு முழுதாகச் சரிவராது. இரண்டு பேர் தாள்களை ஒருவர் திருத்தும் இடத்தில் எந்த அட்டவணையும் நேரத்தை உண்டாக்கித் தராது; அங்கே தேவை ஆள்தான், அதைத் துறைதான் நிரப்ப வேண்டும். மற்ற பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தேர்வு தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். பிப்ரவரியிலேயே ஆசிரியர்களோடு உட்கார்ந்து யாரிடம் எத்தனை தாள், எத்தனை மணி நேரம், எந்த நாளில் என்று ஒரே தாளில் எழுதி, ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள்.