கல்யாணப் படத்தின் முடிவு முந்தின நாளே தயார்

தாலி கட்டும் நேரம் ஒரு நிமிடம்கூட நீடிக்காது. கெட்டிமேளம் முழங்கும், அட்சதை பறக்கும், உறவினர்கள் எழுந்து நின்று மறைப்பார்கள். மேடையில் யார் என்ன பேசினாலும் மைக்கில் நாகஸ்வரமும் தவிலும்தான் பதியும். நான்கைந்து நிமிட ‘ஹைலைட்ஸ்’ படத்தைத் தாங்கும் குரல் அங்கே கிடைக்காது. அதனால் பேட்டியை முந்தின நாள் மாலையே, வரவேற்புக்கு முன்பு எடுத்துவிடுவது நல்லது.

மண்டபத்தில் ஓர் அறை போதும். மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட வேண்டும். காலர் மைக்கில் பட்டும் நகையும் உரசும்; ஹெட்போனில் கேட்டுப் பார்த்தால்தான் அது தெரியும்.

கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “ரொம்ப சந்தோஷமா இருக்கு” என்பதோடு முடிந்துவிடும். “பொண்ணு சின்ன வயசுல பண்ணினதுல எதை நினைச்சா இன்னிக்கும் சிரிப்பு வரும்?” என்று அப்பாவிடம் கேளுங்கள். “நாளைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் எது கண்ணுல படும்?” என்று அம்மாவிடம் கேளுங்கள். கேள்வி படத்தில் வராது என்பதால், முழு வாக்கியமாகப் பதில் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஐந்து விநாடி நீங்கள் வாய் திறக்காதீர்கள். மனசில் இருப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். “ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுக்கிட்டு, பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் ஹாரனை அமுக்கிக்கிட்டே வருவா” என்கிறார் அப்பா. அந்த ஸ்கூட்டர் இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. இனி காட்சிப் பட்டியல் தானாக அமைந்துவிடும். அன்று மாலையே போய் ஸ்கூட்டரைப் படம் பிடித்து, ஹாரன் சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

படம் விடியற்காலையில் தொடங்குகிறது. கோலம், பூச்சடை பின்னும் விரல்கள், எங்கிருந்தோ ஒரு ஹாரன், அப்பாவின் குரல். பிறகு மாலை மாற்றுதல், தாலி, அம்மி, மெட்டி எல்லாம் வேகமாக நகரும்.

தாரை வார்ப்பது தாலிக்கு முன்பே நடந்தாலும், படத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். அந்த நேரத்தில் ஒரு கேமரா அப்பாவின் முகத்தை விட்டு அசையக்கூடாது. அதை ஸ்லோமோஷனில் எடுக்கவும் கூடாது. அந்த முறையில் பல கேமராக்களில் ஒலி பதிவதில்லை. தவிர, படம் முழுக்க ஸ்லோமோஷன் என்றால் அழுகையும் பந்தி பரிமாறுவதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அம்மா நீர் வார்க்கும்போது பின்னணி இசை நின்றுவிடுகிறது. மகளின் கை மாப்பிள்ளையின் கைக்குப் போகிறது. அப்பா எதுவும் சொல்வதில்லை. அடுத்து வாசலில் நிற்கும் ஸ்கூட்டர், ஐந்து விநாடி. தொடக்கத்தில் கேட்ட ஹாரன் இப்போது ஒலிப்பதில்லை.