பன்னிரண்டு ஆளும் ஒரு சுவரும்

அண்ணன் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் கொடுத்த பயிற்சித் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முதல் கணக்கு எளிது. 5 நோட்டின் விலை 150 ரூபாய் என்றால் 8 நோட்டின் விலை என்ன? குறுக்கே பெருக்கி வகுத்து 240 ரூபாய் என்று அழகாக எழுதியிருந்தாள். அடுத்த கணக்கு: 12 ஆட்கள் ஒரு சுவரை 10 நாட்களில் கட்டி முடிக்கிறார்கள், 15 ஆட்கள் எத்தனை நாட்களில் முடிப்பார்கள்? இதற்கும் அதே குறுக்குப் பெருக்கல்தான். பன்னிரண்டரை நாள் என்று விடை எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

"பெருக்கினது, வகுத்தது எல்லாம் சரிதான்டி. நம்ம வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் வச்சப்போ கொத்தனார் இன்னும் மூணு ஆளைக் கூட்டிட்டு வந்திருந்தா, வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்குமா, இழுத்திருக்குமா?"

"சீக்கிரம் முடியும் அத்தை."

"உன் விடை என்ன சொல்லுது?"

தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழிரப்பரை எடுத்தாள்.

இந்தத் தாள்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பெருக்கலிலோ வகுத்தலிலோ பிள்ளைகள் சறுக்குவதில்லை. முதல் கணக்கில் பலித்த வழியை, எண்களைக் கண்டவுடன் இரண்டாவது கணக்குக்கும் போட்டுவிடுகிறார்கள். அதனால் அழித்த இடத்தில் எதையும் எழுதவிடாமல் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தக் கணக்கில் மாறாமல் இருப்பது எது?

நோட்டுக் கணக்கில் மாறாதது ஒரு நோட்டின் விலை. ஐந்து வாங்கினாலும் எட்டு வாங்கினாலும் ஒன்று 30 ரூபாய்தான். மொத்த விலையை நோட்டு எண்ணிக்கையால் வகுத்தால் எப்போதும் 30 வரும். இப்படி வகுத்து வரும் எண் மாறாமல் இருந்தால் அது நேர் விகிதம். சுவர்க் கணக்கில் மாறாமல் நிற்பது சுவர். 12 பேர் 10 நாள் என்றால் 120 ஆள்-நாள் வேலை அந்தச் சுவருக்குள் இருக்கிறது. ஒரு ஆள் ஒரு நாளில் செய்வதை ஓர் ஆள்-நாள் என்கிறோம். நூறு நாள் வேலைத் திட்டத்தின் கணக்கில் 'மனித நாள்' என்று எழுதுவதும் இதைத்தான். யார் வந்து கட்டினாலும் சுவர் 120 ஆள்-நாளைக் கேட்கும். 15 பேர் வந்தால் 120-ஐ 15-ஆல் வகுத்து, 8 நாள். இங்கே மாறாமல் நிற்பது பெருக்கி வரும் எண். ஆகவே இது எதிர் விகிதம்.

இரண்டும் சேர்ந்து கூடினால் நேர் விகிதம், ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் விகிதம் என்று ஒரு சுருக்குவழி வகுப்பில் புழங்குகிறது. அவசரத்துக்கு உதவும் வழிதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சென்னையில் 2013-இல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 3.8 கிலோமீட்டர் போனால் 49 ரூபாய். தூரம் இரண்டு மடங்காகி 7.6 கிலோமீட்டர் ஆனால் கட்டணம் 98 ரூபாய் ஆக வேண்டும். கணக்குப் போட்டால் 94 ரூபாய் 60 காசுதான் வருகிறது. தூரம் கூடக் கட்டணமும் கூடுகிறது, ஆனால் நேர் விகிதம் இல்லை. 200 பக்கப் புத்தகத்தில் படித்த பக்கம் கூடக் கூட மீதிப் பக்கம் குறைகிறது. 50 படித்தால் மீதி 150. படித்தது 100 ஆனால் மீதி 75 ஆகிவிடுமா? 100 தான். அங்கே மாறாமல் இருப்பது கூட்டித் தரும் எண், ஆகவே எதிர் விகிதமும் இல்லை. ஒன்றை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். மற்றது சரியாக இரண்டு மடங்கானால் நேர், சரியாகப் பாதியானால் எதிர். இரண்டும் இல்லையென்றால் இந்தத் தாளின் வழிகள் எதுவும் அதற்குச் செல்லாது.

தாளின் ஐந்தாவது கணக்கில்தான் அவள் உண்மையிலேயே மாட்டிக்கொண்டாள். அதே 12 ஆட்கள், அதே 10 நாள் சுவர். நான்கு நாள் வேலை முடிந்ததும் 4 பேர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். மீதி வேலை எத்தனை நாளில் முடியும்? 120-ஐ 8-ஆல் வகுத்து 15 என்று எழுதினாள். எட்டுப் பேர் முதல் நாளிலிருந்தே கட்டியிருந்தால் 15 சரி. ஆனால் நான்கு நாள் 12 பேரும் கட்டியிருக்கிறார்களே! அதில் 48 ஆள்-நாள் தீர்ந்துவிட்டது. மீதி 72. அதை 8 பேர் செய்ய 9 நாள்.

இங்கே கேள்வியின் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். "மீதி வேலை எத்தனை நாளில்" என்று கேட்டால் விடை 9. "மொத்தம் எத்தனை நாளில்" என்று கேட்டால் முதல் நான்கையும் சேர்த்து 13. போட்டித் தேர்வுகளில் நான்கு விடைகள் கொடுக்கும்போது 9, 13, 15 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கணக்கு தெரிந்தவர்களும் மதிப்பெண்ணை விடுவது இந்த இடத்தில்தான்.

தாளைத் திருப்பினால் குழாய்கள். ஒரு குழாய் தொட்டியை 20 நிமிடத்தில் நிரப்பும், இன்னொன்று 30 நிமிடத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்தால்? பிள்ளைகள் வழக்கமாக இரண்டு தவறான விடைகளை எழுதுவார்கள்: கூட்டி 50, அல்லது சராசரி எடுத்து 25. இரண்டும் தவறு என்று கண்டுபிடிக்கக் கணக்கே போட வேண்டாம். முதல் குழாய் தனியாகவே 20 நிமிடத்தில் நிரப்பிவிடுகிறது. துணைக்கு இன்னொன்று வந்த பிறகு அதற்குமேல் எப்படி ஆகும்? விடை 20-க்குக் கீழே இருந்தே தீர வேண்டும்.

நேரங்களைக் கூட்ட முடியாது. ஒரு நிமிடத்தில் விழும் தண்ணீரைக் கூட்டலாம். முதல் குழாய் நிமிடத்துக்குத் தொட்டியில் 20-இல் ஒரு பங்கு, மற்றது 30-இல் ஒரு பங்கு. பின்னக் கூட்டல் சிரமமாக இருந்தால், 20-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கான 60-ஐ எடுத்து, தொட்டி 60 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழாய் நிமிடத்துக்கு 3 லிட்டர், இரண்டாவது 2 லிட்டர், சேர்ந்து 5. அறுபது லிட்டர் நிரம்ப 12 நிமிடம். தொட்டியின் உண்மையான அளவு எதுவாக இருந்தாலும் இந்த 12 மாறாது. சுவரை 120 என்று அளந்த மாதிரிதான் தொட்டியை 60 என்று அளந்திருக்கிறோம்.

இந்தக் கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. 1150-ஐ ஒட்டி பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் நான்கு நீர்வாய்கள் வருகின்றன. தனித்தனியே ஒரு நாளில், அரை நாளில், ஒரு நாளின் மூன்றிலொரு பங்கில், ஆறிலொரு பங்கில் அவை ஒரு தடாகத்தை நிரப்பும். நான்கையும் ஒன்றாகத் திறந்தால்? ஒரு முழு நாள் ஓடவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஒரு தடாகத்தை நிரப்பியிருக்கும். மற்றவை இரண்டு, மூன்று, ஆறு. ஆக ஒரு நாளில் பன்னிரண்டு தடாகம். ஒன்றுக்கு நாளில் பன்னிரண்டிலொரு பங்கு, அதாவது இரண்டு மணி நேரம். இதைச் சொன்னதும் அவள் பென்சிலைத் தொடாமலேயே விடை சொல்லிவிட்டாள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கே நிறைந்துவிட்டது.

கடைசிக் கணக்கில் தொட்டிக்கு அடியில் ஓர் ஓட்டை. நிறைந்த தொட்டியை அது 60 நிமிடத்தில் காலி செய்யும். முன்சொன்ன இரண்டு குழாயும் திறந்திருக்க, ஓட்டையும் ஒழுகினால் எப்போது நிரம்பும்? அறுபது லிட்டர் தொட்டியில் ஓட்டை நிமிடத்துக்கு 1 லிட்டரைக் குடிக்கிறது. 5-இல் 1 போக 4. ஆகவே 15 நிமிடம். தாளுக்கு இது சரியான விடை.

அவள் விடவில்லை. "நெஜமா நம்ம மொட்டைமாடித் தொட்டியில ஓட்டை இருந்தா இப்படித்தான் போகுமா அத்தை?"

நல்ல கேள்வி. போகாது. தாள் சொல்லாமல் ஒன்றை வைத்துக்கொள்கிறது: ஆளோ குழாயோ ஓட்டையோ, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் வேலை செய்யும். ஆட்களிடம் இது ஓரளவுக்குத்தான் செல்லும். குறுகிய கிணற்றுக்குள் இரண்டு பேர் நின்று தோண்டலாம். இருபது பேரை இறக்க முடியாது. ஓட்டையிலோ மேலே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. உயரம் நான்கில் ஒரு பங்கானால் வேகம் பாதியாகும் என்பதை இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் சொன்னார். தொட்டி நிறைந்திருக்கையில் ஓட்டை சீறும், வற்ற வற்றத் தளரும். 60 நிமிடத்தில் காலியாகும் தொட்டியில் பாதித் தண்ணீர் 30-ஆவது நிமிடத்தில் போயிருக்கும் என்று தாள் சொல்லும். பக்கங்கள் நேராக இருக்கும் தொட்டியில் அது ஏறக்குறைய 18-ஆவது நிமிடத்திலேயே போயிருக்கும்.

பின்கட்டில் அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. குழாயின் மட்டத்திலிருந்து தண்ணீர் நின்ற மட்டம்வரை உயரத்தை நான்காகப் பங்கிட்டு, வெளியே சாக்பீஸால் கோடு போட்டோம். அவள் செல்போனில் கடிகாரத்தைத் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். முதல் கோட்டுக்கு இரண்டே முக்கால் நிமிடம் போல ஆயிற்று. இரண்டாவதற்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். மூன்றாவதற்கு நான்கைத் தாண்டிற்று. மூன்று கோடும் சேர்த்துப் பத்து நிமிடம். கடைசிக் கால் பங்கு மட்டும் இருக்கையில், நான் உள்ளே போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அவள் அதே இடத்தில் குந்தியிருந்தாள். குழாயிலிருந்து நூல்போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, கடிகாரம் பத்தொன்பது நிமிடத்தைக் காட்டியது.