குழாயின் நடுவில் வேகம் ஏன் அதிகம்?

R ஆரமுள்ள குழாயில் நீர் கலங்காமல், மாறாத வேகத்தில் ஓடுகிறது. அதற்குள் r ஆரமுள்ள ஒரு நீர் உருளையை மட்டும் பார்ப்போம். இரு முனைகளின் அழுத்த வேறுபாடு Δp அதை முன்னே தள்ளுகிறது. சுற்றியுள்ள நீரின் உராய்வு பின்னே இழுக்கிறது. வேகம் மாறாததால் இரண்டும் சமம்:

Δp·πr² = −μ(dv/dr)·2πrL

இங்கே μ பாகுநிலை, L நீளம். சுவரை ஒட்டிய நீர் நகராது. அதையும் சேர்த்துத் தொகையிட்டால்:

v = Δp(R² − r²)/(4μL)

இதுதான் பரவளையம். நடுவில் வேகம் உச்சம், சராசரியைப் போல் இருமடங்கு. மெல்லிய வளையங்களில் பாயும் நீரை, அதாவது v·2πr dr-ஐ, கூட்டினால்:

Q = πR⁴Δp/(8μL)

ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும்! பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் இந்த நான்காம் அடுக்கை அளந்தே கண்டறிந்தார். ரெனால்ட்ஸ் எண் சுமார் 2,000-ஐத் தாண்டினால் ஓட்டம் கலங்கிவிடும்; வேகமாகத் திறந்த வீட்டுக் குழாய்க்கு இந்தச் சூத்திரம் பெரும்பாலும் பொருந்தாது.