துறை தெரியாத ஆவணமும் மறுப்புக் கடிதமும்

தமக்குப் பழக்கமில்லாத துறையின் ஆவணம் ஒன்று மொழிபெயர்ப்பாளரிடம் வந்தால், அவர் அதை ஏற்க இயலாது என்று எழுதவேண்டும். வேலை வேறு எவ்வழியில் நடக்கும் என்றும் அதே கடிதத்தில் சொல்லவேண்டும். சர்வதேச மொழிபெயர்ப்பாளர் கூட்டமைப்பு 1963-இல் துப்ரோவ்னிக் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனம் இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்ட பொருளைப் போதுமான அளவு அறிந்திருக்கவேண்டும்; தம் திறனுக்கு அப்பாற்பட்ட துறையில் வேலையை ஏற்கக்கூடாது.

இரு மொழிகளும் நன்றாகத் தெரிந்தவருக்கு இது ஏன் தேவை என்பதை ஒரு நிலப் பத்திரத்தைக் கொண்டு பார்க்கலாம். மதுரையில் மருத்துவ அறிக்கைகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றித் தரும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் முன்பு தம் தந்தையின் சிகிச்சை அறிக்கைகளைக் கொடுத்த வாடிக்கையாளர், இப்போது உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்காக 1958-ஆம் ஆண்டு ஒத்திப் பத்திரம் ஒன்றை அனுப்புகிறார். தமிழ் எளிமையாகத்தான் தெரிகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இன்று மதுரையில் வீட்டை ஒத்திக்கு விடுவது என்றால், மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடியிருக்க விடுவது. சென்னையில் இதையே ‘லீஸ்’ என்பார்கள். இந்தப் பேச்சுவழக்கை மனத்தில் கொண்டு படிப்பவர், பழைய பத்திரத்திலுள்ள ஒத்தியையும் குத்தகை என்றே ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். ஆனால் நிலத்தை ஒத்தி வைத்தவர் கடன் வாங்கியவர். கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் சுவாதீனத்தில் வைத்து, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அனுபவிக்கிறார். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதை அடமான வகைகளில் ஒன்றாகவே கொள்கிறது. கடனைத் தீர்த்து நிலத்தை மீட்கும் உரிமை அடமானத்தோடு சேர்ந்தே வருகிறது. குத்தகையில் அப்படியொரு உரிமைக்கு இடமே இல்லை. ஆகவே அந்த ஒரு சொல் பிசகினால், வாடிக்கையாளரின் வழக்கு எதன்மேல் நிற்கிறதோ அதுவே மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும். ஆங்கிலம் பிழையற்று ஓடுவதால் படிப்பவருக்குச் சந்தேகமும் வராது.

நில அளவையிலும் இதே சிக்கல் உண்டு. தஞ்சைப் பகுதியில் 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். வேறு வட்டாரங்களில் குழியின் அளவு மாறும். பத்திரம் எந்த ஊரைச் சேர்ந்தது, அங்கே அந்தக் காலத்தில் எந்தக் கணக்கு வழங்கியது என்று தெரியாதவர் பரப்பைத் தவறாக மாற்றிவிடுவார்.

எனவே ஏற்பதா மறுப்பதா என்பதை ஆவணத்தின் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முழுவதையும் படித்து, ஒவ்வொரு நிபந்தனையையும் அந்தத் துறை அறியாத ஒருவருக்குச் சொந்தச் சொற்களில் விளக்க முடிகிறதா என்று பார்க்கவேண்டும். அகராதியில் சொல் கிடைத்தும், கிடைத்த இரண்டு மூன்று பொருள்களில் எது பொருந்தும் என்று தீர்மானிக்கத் தெரியாவிட்டால், அந்த வேலை அவருக்குரியது அன்று. முடிவை அன்றோ மறுநாளோ சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் வாடிக்கையாளருக்கு நீதிமன்றக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

மேற்சொன்ன பத்திரத்துக்கான மறுப்புக் கடிதம் இவ்வாறு அமையலாம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நேற்று அனுப்பிய 1958-ஆம் ஆண்டு ஒத்திப் பத்திரம் கிடைத்தது. முழுவதும் படித்துப் பார்த்தேன். இதை என்னால் மொழிபெயர்த்துத் தர இயலாது. மன்னிக்கவும்.

நான் செய்துவருவது மருத்துவ ஆவணங்கள். ஒத்தி, மீட்பு பற்றிய நிபந்தனைகளைச் சட்டத்துக்குப் பொருந்தும் ஆங்கிலத்தில் எழுத எனக்குப் பயிற்சி இல்லை. தங்கள் வழக்குக்கு அந்த நிபந்தனைகளே ஆதாரம் என்பதால், ஐயத்தோடு எழுதித் தருவது முறையாகாது.

சொத்துப் பத்திரங்களையே தொடர்ந்து மொழிபெயர்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். இம்மாதம் வேலை எடுக்க முடியும் என்கிறார். தாங்கள் விரும்பினால் அவருடைய எண்ணை அனுப்புகிறேன். தங்கள் பத்திரத்தை அவரிடம் காட்டவில்லை. தங்கள் வழக்கறிஞரும் யாரையாவது பரிந்துரைக்கக்கூடும். பத்திரம் முழுவதும் வேண்டுமா, சில பகுதிகள் போதுமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சொத்து விவரம் உள்ள பக்கம் மங்கலாக இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக் கொடுத்தால் யார் செய்தாலும் உதவும்.

தாங்கள் அனுப்பிய கோப்பை அழித்துவிடுகிறேன். மருத்துவ ஆவணங்கள் இருந்தால் எப்போதும் போல் அனுப்புங்கள்.’

கடிதத்தில் மறுப்பு மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் மறுத்தால், அதுவரை படிப்பவர் சம்மதத்தையே எதிர்பார்ப்பார். மன்னிப்பும் ஒரு முறை போதும். திரும்பத் திரும்பக் கேட்டால், வற்புறுத்தினால் இசைவார் என்ற எண்ணம் ஏற்படும்.

காரணம் உண்மையானதாக இருக்கவேண்டும். முகம் முறியாமல் தப்பிக்க ‘இப்போது நேரமில்லை’ என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால், ‘பரவாயில்லை, அடுத்த வாரம் தாருங்கள்’ என்று பதில் வரும். வாடிக்கையாளர் காத்திருந்து நாளை இழப்பார். துறை தெரிந்தவரைத் தேடவேண்டும் என்பதும் அவருக்குப் புரியாது. கட்டணத்தை உயர்த்திச் சொல்லித் தட்டிக்கழிப்பதும் ஆபத்து. அவர் அதையும் ஒப்புக்கொண்டால், தெரியாத வேலை அதிக விலைக்குக் கையில் வந்து சேரும்.

மாற்று வழிகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றின் எல்லையையும் அறிந்திருக்கவேண்டும். பழைய பத்திரங்களின் சொற்களையும் அளவைகளையும் படித்து விளக்குவதில் அனுபவமுள்ள பத்திர எழுத்தர்கள் கைகொடுப்பார்கள். ஆனால் நீதிமன்றத்துக்கு ஏற்ற ஆங்கிலம் எழுதுவது வேறு வேலை. 1952-ஆம் ஆண்டின் நோட்டரி சட்டம், ஆவணங்களை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. ஆயினும் முத்திரை இருப்பதாலேயே மொழிபெயர்ப்பு சரியாகிவிடாது. உண்மையில் எழுதுபவர் யார், அவருக்கு நிலப் பத்திரங்களில் பழக்கம் உண்டா என்று கேட்கச் சொல்வதே பயனுள்ள ஆலோசனை.

வேறொருவரைப் பரிந்துரைப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். அவருக்கு வேலை எடுக்க இயலாதென்றால் வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் ஏமாறுவார். அப்படிக் கேட்கும்போது ‘1958-இல் எழுதிய ஒத்திப் பத்திரம், தமிழிலிருந்து ஆங்கிலம்’ என்ற அளவில் சொன்னால் போதும். பெயர்களோ சர்வே எண்ணோ வெளியே போகக்கூடாது. உரியவரின் அனுமதியின்றிக் கோப்பை அனுப்பிவைப்பது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், நம்பிக்கை மீறலே.

எல்லா ஆவணமும் முழு மறுப்பைக் கோருவதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்கின் கோப்பில் மருத்துவ அறிக்கையும் காப்பீட்டு ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்கும். அங்கே அறிக்கையை மட்டும் தாம் செய்வதாகவும், ஒப்பந்தத்தை அந்தத் துறைக்காரரிடம் கொடுக்குமாறும் எழுதலாம். ஏற்றுக்கொண்ட பிறகுதான் சிக்கல் தெரியவந்தது என்றால், தெரிந்த அன்றே சொல்லிவிடவேண்டும். முடித்த பக்கங்களில் எவை உறுதியானவை, எவை ஐயத்துக்குரியவை என்று குறித்துக் கொடுத்தால், அடுத்து வருபவர் அவற்றை முதலில் சரிபார்க்க முடியும்.