மூன்று நெருக்கடி நிலைகள், ஓர் அட்டவணை

இந்திய அரசமைப்பின் பதினெட்டாம் பகுதியில், 352 முதல் 360 வரையிலான பிரிவுகளில், மூன்று வகை நெருக்கடி நிலைகள் சொல்லப்பட்டுள்ளன. போர் அல்லது ஆயுதக் கிளர்ச்சியால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும்போது 352. ஒரு மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடத்த முடியாமல் போகும்போது 356. நாட்டின் நிதி நிலைமையோ கடன் நம்பகமோ ஆட்டம் காணும்போது 360. மூன்றையும் அறிவிப்பவர் குடியரசுத் தலைவர், மூன்றும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குச் செல்பவை. தோற்றத்தில் இப்படி ஒத்திருப்பதால்தான் மாணவர்கள் ஒன்றின் கால வரம்பை மற்றொன்றின் தலையில் எழுதிவிடுகிறார்கள். அரசியல் அறிவியல் தாள்களில் இவை பெரும்பாலும் ஒப்பீட்டு அட்டவணையாகத் தரப்படுவதும் இதனால்தான். சுருக்கமான வடிவம் இது:

| | பிரிவு 352 | பிரிவு 356 | பிரிவு 360 |
|---|---|---|---|
| வழக்கில் உள்ள பெயர் | தேசிய நெருக்கடி நிலை | குடியரசுத் தலைவர் ஆட்சி | நிதி நெருக்கடி நிலை |
| காரணம் | போர், வெளி ஆக்கிரமிப்பு, ஆயுதக் கிளர்ச்சி | மாநிலத்தில் அரசமைப்பின்படி ஆட்சி நடத்த இயலாமை | நிதி நிலைத்தன்மைக்கோ கடன் நம்பகத்துக்கோ ஆபத்து |
| நோக்கம் | நாட்டின் பாதுகாப்பு | மாநிலத்தில் அரசமைப்பு வழி ஆட்சியை மீட்டல் | நாட்டின் நிதியைக் காத்தல் |
| ஒப்புதலுக்குக் கெடு | 1 மாதம் | 2 மாதம் | 2 மாதம் |
| பெரும்பான்மை | சிறப்பு | சாதாரண | சாதாரண |
| கால அளவு | 6 மாதம். எத்தனை முறையும் நீட்டிக்கலாம் | 6 மாதம். அதிகபட்சம் 3 ஆண்டு | திரும்பப் பெறும் வரை |
| அடிப்படை உரிமைகள் | பாதிக்கப்படலாம் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |

இந்த அட்டவணையில் மிகச் சுலபமாக நிரப்பப்படும் வரிசை நோக்கம். மிகத் தவறாக நிரப்பப்படுவதும் அதுதான். பிரிவு 356-க்கு எதிரே ‘மாநில அரசைக் கலைத்தல்’ என்று எழுதிவிடுவது வழக்கம். அரசைக் கலைப்பது அந்தப் பிரிவின் விளைவு, நோக்கமல்ல. நோக்கம் எதுவென்று அறிய அதற்கு முன்னால் நிற்கும் பிரிவு 355-ஐப் படிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்தையும் வெளி ஆக்கிரமிப்பிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் காப்பதும், அங்கே அரசமைப்பின்படி ஆட்சி நடப்பதை உறுதி செய்வதும் ஒன்றிய அரசின் கடமை என்கிறது அது. அந்தக் கடமையை நிறைவேற்றக் கொடுக்கப்பட்ட கடைசிக் கருவிதான் 356. அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தபோது, இது பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று தாம் நம்புவதாக அம்பேத்கர் சொன்னார். நடந்தது நேர்மாறு: நூறு தடவைக்கு மேல் அது எடுத்தாளப்பட்டுவிட்டது. நோக்கத்தையும் விளைவையும் தனித்தனி வரிசைகளாக எழுதும் மாணவனுக்கு, அந்த நூறு தடவைகளில் எத்தனை நோக்கத்தோடு பொருந்தின என்ற கேள்வி தானாகவே எழும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் அந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

அடுத்த பிழை எண்களில் வருவது. பிரிவு 352-க்கு ஒப்புதல் கெடு ஒரு மாதம் என்று ஒரு நூலிலும் இரண்டு மாதம் என்று இன்னொரு நூலிலும் காணும் மாணவர் குழம்புகிறார். இரண்டுமே வெவ்வேறு காலத்தில் சரியாக இருந்தவை. 1975 ஜூன் 25 அன்று ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தைச் சொல்லி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அமைச்சரவை கூடி முடிவெடுக்கும் முன்பே பிரதமரின் ஆலோசனையின் பேரில் அறிவிப்பு கையெழுத்தானது. அமைச்சர்களுக்கு மறுநாள் காலையில்தான் செய்தி தெரிவிக்கப்பட்டது. அந்த அனுபவத்தைப் பாடமாகக் கொண்டு 1978-இல் 44-ஆம் திருத்தம் இயற்றப்பட்டது. ஆகவே 352-க்கு மட்டும் தனியாக ஒரு முன்-பின் அட்டவணை தேவை.

| | 44-ஆம் திருத்தத்துக்கு முன் | பின் |
|---|---|---|
| மூன்றாவது காரணம் | உள்நாட்டுக் குழப்பம் | ஆயுதக் கிளர்ச்சி |
| யார் சொல்ல வேண்டும் | தனியாகச் சொல்லப்படவில்லை | அமைச்சரவையின் எழுத்துப்பூர்வ முடிவு |
| ஒப்புதல் கெடு | 2 மாதம் | 1 மாதம் |
| பெரும்பான்மை | சாதாரண | மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல். வந்து வாக்களிப்பவரில் மூன்றில் இரண்டு பங்கு |
| ஒப்புதல் கிடைத்த பின் | கால வரம்பு இல்லை | 6 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் |

வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் 1975-இல் நடந்த ஏதோ ஒன்றுக்குப் போட்ட பூட்டு என்பதை வரிசையாகப் பார்த்தால் புரியும். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல்லுக்குள் கடையடைப்பையும் கண்டன ஊர்வலத்தையும் திணித்துவிட முடியும். ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்பதற்குள் அப்படித் திணிக்க முடியாது. இந்தத் திருத்தத்தின் நோக்கத்தை ஓராயிரம் சொற்களில் விளக்குவதைவிட இந்த ஒரு சொல் மாற்றத்தை எதிரெதிரே வைத்துக் காட்டுவது தெளிவானது. அட்டவணை என்ற வடிவம் உண்மையிலேயே உரைநடையை வெல்லும் இடம் இதுதான்.

உரைநடையிடம் அது தோற்கும் இடமும் உண்டு. முதல் அட்டவணையின் கடைசி வரிசையில் ‘பாதிக்கப்படலாம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் 358, 359 என இரு பிரிவுகள் நிற்கின்றன. போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பு காரணமாக நெருக்கடி நிலை வந்தால், பிரிவு 19 தரும் பேச்சுரிமை, கூடும் உரிமை போன்றவை அரசைத் தடுக்கும் வலிமையைத் தாமாகவே இழக்கின்றன; தனி உத்தரவு வேண்டியதில்லை. இது 358. ஆயுதக் கிளர்ச்சி காரணமாக வந்தால் இது நடக்காது. 359 வேறு வகை: குறிப்பிட்ட உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடுவதைக் குடியரசுத் தலைவர் தனி உத்தரவால் நிறுத்தி வைக்கலாம். 1976-இல் ஜபல்பூர் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில், காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவரும் இந்த உத்தரவு இருக்கும்வரை நீதிமன்றத்தை அணுக முடியாது என்று ஐவர் அமர்வில் நால்வர் கூறினர். எச்.ஆர்.கன்னா மட்டும் மாறுபட்டார். இன்று 20, 21 ஆகிய பிரிவுகளை, அதாவது குற்ற விசாரணைக்கான பாதுகாப்பையும் உயிர், தனிமனிதச் சுதந்திர உரிமையையும், 359-ஆல் தொட முடியாது. அதுவும் 44-ஆம் திருத்தம் போட்ட பூட்டுதான். ஜபல்பூர் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் 2017-இல் தனியுரிமை வழக்கில் தவறு என்று ஒதுக்கியது. இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்க முயன்றால் கட்டம் வெடித்துவிடும். ‘358, 359 காண்க’ என்று எழுதிக் கீழே ஒரு பத்தி சேர்ப்பதே நேர்மையான வழி.

நிதி நெருக்கடி நிலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது இதுவரை ஒரு முறைகூட அறிவிக்கப்பட்டதில்லை. 1991-இல் அந்நியச் செலாவணி வற்றிப்போய்த் தங்கத்தை அடகு வைத்தபோதும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்பட்டால் நீதிபதிகள் உட்பட அரசுப் பணியில் உள்ளோரின் சம்பளத்தைக் குறைக்க ஆணையிடலாம் என்பதே நினைவில் வைக்க வேண்டியது.

அட்டவணை சரியா என்று சோதிக்க ஒரு வழி, நடந்த நிகழ்வை அதில் பொருத்திப் பார்ப்பது. தமிழ்நாட்டில் 356 நான்கு முறை அரசுகளையோ சட்டமன்றத்தையோ கலைக்கப் பயன்பட்டுள்ளது: 1976, 1980, 1988, 1991. இவற்றில் 1991 நிகழ்வு சோதனைக்கு ஏற்றது. அப்போது மு.கருணாநிதி முதலமைச்சர், சுர்ஜித் சிங் பர்னாலா ஆளுநர், ஒன்றியத்தில் சந்திரசேகர் அரசு. பெரும்பாலான பாடக்குறிப்புகள் 356-க்கு எதிரே ‘ஆளுநரின் அறிக்கையின் பேரில்’ என்று எழுதியிருக்கும். ஆனால் ஆட்சியைக் கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கையை பர்னாலா அனுப்பவில்லை. அப்படியிருந்தும் ஜனவரி 30 அன்று அரசு கலைக்கப்பட்டது. பாடக்குறிப்பின்படி இது நடந்திருக்கவே முடியாது. பிரிவின் வாசகத்தைப் பார்த்தால்தான் விடை கிடைக்கிறது: ஆளுநரின் அறிக்கையாலோ ‘வேறு வகையிலோ’ குடியரசுத் தலைவர் நிலைமையை அறிந்து திருப்தி அடையலாம் என்கிறது அது. சுருக்கும்போது விட்டுவிடத் தூண்டும் அந்தச் சின்னச் சொற்றொடர்தான் ஒரு மாநில அரசைக் கலைக்கப் போதுமானதாக இருந்தது. மற்ற வரிசைகள் இந்த நிகழ்வோடு முரண்படவில்லை: ஜூன் மாதத் தேர்தலுக்குப் பின் 24-ஆம் தேதி புதிய அரசு பதவியேற்றதால் ஆறு மாதம் முடியவில்லை, நீட்டிப்பும் தேவைப்படவில்லை.

கால அளவு வரிசைக்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். ஓராண்டுக்கு மேல் நீட்டிக்க வேண்டுமானால் தேசிய நெருக்கடி நிலை நடப்பில் இருக்க வேண்டும், தேர்தல் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையமும் சான்று தர வேண்டும். மூன்றாண்டு உச்ச வரம்பும் திருத்தத்தால் நகரக்கூடியதே: பஞ்சாபில் 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி நீடித்தது, அதற்காகவே அரசமைப்பு திருத்தப்பட்டது.

பிரிவின் வாசகத்தில் இல்லாத, ஆனால் அட்டவணையில் கட்டாயம் சேர வேண்டிய வரிசை நீதிமன்ற ஆய்வு. கர்நாடகத்தில் எஸ்.ஆர்.பொம்மையின் அரசுக்கு ஆதரவை விலக்குவதாக 19 உறுப்பினர்களின் கடிதங்கள் ஆளுநரிடம் தரப்பட்டன. அவர்களில் சிலர் பின்வாங்கினர். சட்டமன்றத்தைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கத் தயார் என்றார் பொம்மை. அந்த வாய்ப்பு தரப்படாமல் 1989 ஏப்ரல் 21 அன்று அரசு கலைக்கப்பட்டது. 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல. அறிவிப்புக்குப் பின்னால் பொருத்தமான ஆதாரம் இருந்ததா, அது தீய நோக்கத்தோடு செய்யப்பட்டதா என்பதை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்கவே முடியும். அறிவிப்பு செல்லாது என்றானால் பழைய அரசையும் மீட்கலாம்.

நோக்கம் என்ற வரிசை தேர்வுக்கு அப்பால் பயன்படும் இடம் இது. நோக்கத்துக்கு வெளியே அதிகாரம் பயன்பட்டதா என்பதையே நீதிமன்றம் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. தீர்ப்பு வந்தபோது ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. கர்நாடகத்தில் தேர்தல் நடந்து வேறு அரசு வந்துவிட்டது, பொம்மைக்கு மீட்க எதுவும் மிஞ்சவில்லை. 2016-இல் உத்தராகண்டில் அதே விதிகள் சில வாரங்களிலேயே பயன்பட்டன. உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மே 10 அன்று சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஹரிஷ் ராவத் வென்றார். குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டு, அவர் மறுபடி முதலமைச்சராகத் தொடர்ந்தார்.